டைல்ஸ் கொட்டேஷன் கேட்டு காண்ட்ராக்டருக்குக் கடிதம்: அறை அளவும் வேஸ்டேஜும் எப்படி எழுதுவது

"ஹால் 16க்கு 11, டைல்ஸ் போட எவ்வளவு ஆகும்? வேஸ்டேஜ் சேர்த்துச் சொல்லுங்கள்." காண்ட்ராக்டர்களுக்குப் போகும் கேள்விகளில் பெரும்பாலானவை இவ்வளவுதான். இதே கேள்வியை மூன்று பேருக்கு அனுப்பினால் மூன்று தொகைகள் வரும், ஆனால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. ஒருவர் சுவரின் அடியில் ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங்கைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் சேர்த்திருக்க மாட்டார். ஒருவர் வேஸ்டேஜைத் தரைக்கு மட்டும் போட்டிருப்பார், மற்றவர் கூலிக்கும் சேர்த்துப் போட்டிருப்பார். மலிவான தொகை எது என்று பார்த்து வேலையைக் கொடுத்த பிறகு, பாதியில் டைல்ஸ் தீர்ந்துபோகும்.

இதைத் தவிர்க்க ஒரு பக்கக் கடிதம் போதும். வேஸ்டேஜை ஒரு சதவீதமாக மட்டும் கேட்காமல், அது எந்த அளவின்மேல், எத்தனை டைலாக, எத்தனை பெட்டியாக வருகிறது என்று பிரித்துக் கேட்பதுதான் அந்தக் கடிதத்தின் வேலை. இங்கே ஒரே ஒரு ஹாலை எடுத்துக்கொண்டு, அளப்பதிலிருந்து பதிலைச் சரிபார்ப்பது வரை போகலாம்.

அளப்பது

மீட்டர் டேப்பில் அளந்து செ.மீ. வரை எழுதுங்கள். பேச்சில் அடிக்கணக்கு இருந்தாலும் டைல் மி.மீ. கணக்கில்தான் தயாராகிறது. அடியில் அளந்து, அங்குலத்தை விட்டுவிட்டு, முழு எண்ணாக எழுதிய அளவை வைத்து ஓரத் துண்டு எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுவர்ப் பூச்சு முடிந்த பிறகு, தரையை ஒட்டியே அளக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் அளந்தால் சுவர் சாய்வு அளவில் கலந்துவிடும். நீளத்தை இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் என்று மூன்று இடங்களில் அளந்து, மூன்றையும் குறித்துவைத்து, பெரியதைக் கணக்குக்கு எடுங்கள். அகலத்துக்கும் அப்படியே. பிறகு எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அறை சதுரம் பிடித்திருக்கிறது. வித்தியாசம் இருந்தால் அறை சாய்ந்திருக்கிறது, ஓரத் துண்டுகள் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் வரும்.

நம் ஹாலில் கிடைத்த அளவுகள் இவை:

- நீளம்: 4.83, 4.84, 4.85 மீ. எடுத்துக்கொண்டது 4.85
- அகலம்: 3.34, 3.35, 3.35 மீ. எடுத்துக்கொண்டது 3.35
- மூலைவிட்டங்கள்: 5.87, 5.90 மீ.
- வாசல் கதவு: 1.05 மீ. அகலம், கல் படி ஏற்கெனவே இருக்கிறது
- உள் கதவு: 0.90 மீ. அகலம், நிலைக்கு அடியில் 12 செ.மீ. ஆழத்துக்கு டைல் போட வேண்டும்

தரை 4.85 × 3.35, அதாவது 16.25 ச.மீ. உள் கதவின் அடிப்பகுதி 0.90 × 0.12, அதாவது 0.11 ச.மீ. மொத்தம் 16.36 ச.மீ. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி என்பதால் இது சுமார் 176 சதுர அடி.

ஸ்கர்ட்டிங்கைத் தனியாகக் கணக்கிடுங்கள். சுற்றளவு 16.40 மீ. அதில் இரண்டு கதவுகளின் அகலத்தையும் கழித்தால் 14.45 மீ. மிஞ்சும். 10 செ.மீ. உயரம் வைத்தால் 1.45 ச.மீ. கதவு அடியைச் சேர்ப்பதும், ஸ்கர்ட்டிங்கில் கதவைக் கழிப்பதும் சிறிய எண்கள்தான். ஆனால் கடிதத்தில் இவை இருந்தால்தான் எதிரே இருப்பவர் தன் ஊகத்தை வைத்து நிரப்பாமல் உங்கள் அளவை வைத்தே கணக்குப் போடுவார்.

2க்கு 2 டைல் 4 சதுர அடி கிடையாது

கடையில் '2க்கு 2' என்று சொல்லப்படும் டைலின் பெயரளவு 600 × 600 மி.மீ. அதன் பரப்பு 0.36 ச.மீ., சதுர அடியில் 3.875. நான்கு டைல் கொண்ட பெட்டி 1.44 ச.மீ., அதாவது 15.5 சதுர அடி. இதைப் பலரும் 16 என்றே வாய்க்கணக்கில் போடுகிறார்கள். ஒரு ஹாலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 1000 சதுர அடி வீட்டுக்கு, 16 வைத்தால் 63 பெட்டி, 15.5 வைத்தால் 65 பெட்டி. இரண்டு பெட்டி குறைவு, அதுவும் வேஸ்டேஜ் என்று ஒதுக்கியதிலிருந்தே போகும்.

அதனால் கடிதத்தில் '2க்கு 2' என்று எழுதாமல் '600 × 600 மி.மீ.' என்றே எழுதுங்கள். பெட்டிமேல் எத்தனை டைல், எத்தனை ச.மீ. என்று அச்சிட்டிருக்கும். டைலைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த எண்ணையும் அப்படியே எழுதுங்கள். ஒரே அளவு டைலானாலும் ஒரு நிறுவனத்தின் பெட்டியில் நான்கு இருக்கும், இன்னொன்றில் மூன்று இருக்கும்.

வேஸ்டேஜ் எங்கிருந்து வருகிறது

நேராகப் போடும் டைலுக்கு 10 சதவீதம், மூலைவாட்டில் போட்டால் 15 சதவீதம் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. தோராயத்துக்கு அது உதவும். ஆனால் உண்மையான வேஸ்டேஜ் சதவீதத்திலிருந்து பிறப்பதில்லை. அறையின் நீளத்துக்குள் டைல் எத்தனை தடவை அடங்குகிறது, மிச்சம் எவ்வளவு என்பதிலிருந்துதான் அது வருகிறது.

நம் ஹாலின் 4.85 மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 600 மி.மீ. டைல், 2 மி.மீ. ஜாயிண்ட். எட்டு முழு டைல் போட்டால் 4.81 மீ. ஆகிவிடும். மிச்சம் இருப்பது சுமார் 3 செ.மீ. பட்டை. அந்தப் பட்டையை வெட்டும்போது பாதி உடையும், ஒட்டினாலும் பார்வைக்கு அசிங்கமாக இருக்கும். போதாததற்கு மூலைவிட்டங்களில் 3 செ.மீ. வித்தியாசம் இருக்கிறது. அகலம் முழுவதும் பார்த்தால் சுவர் கிட்டத்தட்ட 2 செ.மீ. சாய்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பட்டை ஒரு முனையில் 3 செ.மீ., மறுமுனையில் 1 செ.மீ. என்று கூம்பிப் போகும்.

நல்ல மேஸ்திரி இந்த இடத்தில் வரிசையை நகர்த்துவார். நடுவில் ஏழு முழு டைல், இரண்டு ஓரத்திலும் சுமார் 32 செ.மீ. துண்டு. பார்வைக்கு இது சரி. ஆனால் 32-ம் 32-ம் சேர்ந்தால் 64. ஒரு 60 செ.மீ. டைலிலிருந்து இரண்டு துண்டும் வராது. ஆக ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்பது டைல் வேண்டும். 3.35 மீ. அகலத்தில் ஐந்து முழு வரிசையும், 34 செ.மீ. அளவில் ஒரு வெட்டு வரிசையும் வரும். ஆறு வரிசை, ஒன்பது டைல், மொத்தம் 54.

பட்டை வைக்கும் முறையில் எட்டு டைல் வீதம் ஆறு வரிசைக்கு 48 போதும், ஏனென்றால் 3 செ.மீ. பட்டைகள் கடைசி வரிசையின் கழிவிலேயே கிடைத்துவிடும். ஒரே அறை, ஒரே டைல், ஆனால் 48-க்கும் 54-க்கும் இடையே ஆறு டைல் வித்தியாசம். இப்போது 10 சதவீதக் கணக்கைத் தரைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 16.36-ஓடு 10 சதவீதம் சேர்த்தால் 18 ச.மீ., அதாவது 50 டைல். அழகாகப் போட நினைத்தால் நான்கு டைல் குறையும். குறையும் நேரத்தில் மேஸ்திரிக்கு இருக்கும் எளிய வழி, உங்களிடம் சொல்லாமல் பட்டை வைத்து முடிப்பதுதான். அதனால்தான் அமைப்பு முடிவாகாமல் வேஸ்டேஜ் பேசக் கூடாது. ஓரத்தில் எவ்வளவு சிறிய துண்டு வரை ஏற்பீர்கள் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். 600 மி.மீ. டைலுக்கு 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்வது நியாயமான வரம்பு.

கழிவிலிருந்து ஸ்கர்ட்டிங்

54 டைலில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைப் பாருங்கள். நீள ஓரங்களில் 32 வெட்டியதும் 28 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில், 60 செ.மீ. நீளத்துக்குப் பத்துத் துண்டு மிஞ்சும். கடைசி வரிசையில் 34 வெட்டியதும் கிட்டத்தட்ட 26 செ.மீ. அகலத்தில் ஏழு துண்டு மிஞ்சும். மூலையில் இருக்கும் இரண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு துண்டிலிருந்தும் 10 செ.மீ. உயரத்தில் இரண்டு ஸ்கர்ட்டிங் பட்டை எடுக்கலாம். 17 துண்டிலிருந்து 34 பட்டை. நமக்கு வேண்டியது 14.45 மீ., அதாவது 25 பட்டை. பதின்மூன்று துண்டுகளே போதும். மிச்சம் நான்கு துண்டுகளில் உள் கதவின் அடியும் முடிந்துவிடும்.

அதாவது இந்த ஹாலில் ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக டைல் வாங்கவே தேவையில்லை, தரையில் மிஞ்சும் கழிவே போதும். ஆனால் கொட்டேஷனில் தரைக்கு வேஸ்டேஜ் போட்டு, ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக டைல் போட்டு, அதன்மேலும் வேஸ்டேஜ் போட்டிருந்தால் ஒரே கழிவுக்கு நீங்கள் இரண்டு தடவை பணம் கொடுக்கிறீர்கள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் முதல் பட்டைக்கு மட்டுமே ஆலையில் வந்த விளிம்பு ஒன்று இருக்கும். அந்த விளிம்பு மேலே தெரியும்படி, வெட்டிய பக்கம் தரையில் உட்காரும்படி ஒட்டலாம். இரண்டாவது பட்டைக்கு இரண்டு பக்கமும் வெட்டு விளிம்புதான். மேல்பூச்சு மட்டும் நிறமாக இருக்கும் டைலில் உள்ளிருக்கும் மண்ணின் நிறம் மேலே கோடாகத் தெரியும். உடல் முழுவதும் ஒரே நிறமான டைலில் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். அந்தத் தேய்ப்புக் கூலி சேர்ந்ததா என்று கேட்பது அவசியம். சேராவிட்டால் வேலை நடக்கும்போது தனியாகக் கேட்பார்கள்.

இனி எண்ணிக்கையை முடித்துவிடலாம். அமைப்புக்கு 54, வெட்டும்போதும் இறக்கும்போதும் உடைவதற்கு 2, மொத்தம் 56. நான்கு டைல் பெட்டியில் சரியாக 14 பெட்டி. பிற்காலத்தில் ஒரு டைல் விரிசல் விட்டால் மாற்றுவதற்கு ஒரு பெட்டி கூடுதல், ஆக 15. இந்தக் கடைசிப் பெட்டியை வேஸ்டேஜில் கலக்காமல் தனி வரியாகக் கேளுங்கள். கலந்துவிட்டால் வேலையிலேயே தீர்ந்துபோகும், பிறகு அதே பேட்ச் கிடைக்காது.

கடிதம்

மேலே கணக்குப் போட்ட எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அளவுகளையும் நிபந்தனைகளையும் மட்டும் கொடுத்து, எண்ணிக்கையை அவரிடமிருந்து வாங்குங்கள். நீங்களே 14 பெட்டி என்று எழுதிவிட்டால், குறைந்தால் அது உங்கள் கணக்கின் தவறாகிவிடும். உங்கள் கணக்கு அவர் பதிலைச் சரிபார்ப்பதற்கு.

> பொருள்: ஹால் தரை டைல்ஸ், வேஸ்டேஜ் உட்பட கொட்டேஷன் கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். எங்கள் வீட்டு ஹாலுக்குத் தரை டைல்ஸும் ஸ்கர்ட்டிங்கும் போட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு தரை மட்டத்தில் எடுத்த அளவுகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன்.
>
> நீளம் 4.85 மீ., அகலம் 3.35 மீ. (மூன்று இடங்களில் அளந்ததில் பெரியது). மூலைவிட்டங்கள் 5.87 மீ., 5.90 மீ. உள் கதவு நிலைக்கு அடியில் 0.90 × 0.12 மீ. டைல் போட வேண்டும். வாசல் கதவில் கல் படி இருக்கிறது, அங்கே வேண்டாம். டைல் போடும் தரை மொத்தம் 16.36 ச.மீ. ஸ்கர்ட்டிங் 10 செ.மீ. உயரம், கதவுகள் கழித்து 14.45 மீ.
>
> டைல் 600 × 600 மி.மீ., பெட்டிக்கு 4 டைல், 1.44 ச.மீ. நேர் வரிசை, 2 மி.மீ. ஜாயிண்ட். ஓரத் துண்டு எதுவும் 20 செ.மீ.க்குக் குறையாமல் வரிசையை அமைக்க வேண்டும்.
>
> இப்போது இருப்பது சிமெண்ட் தரை. ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் மட்டத்தில் 15 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது.
>
> கொட்டேஷனில் கீழ்க்கண்டவற்றைத் தனித்தனி வரியாகக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. வேஸ்டேஜ் சேர்க்காத தரைப் பரப்பு
> 2. வேஸ்டேஜ் எத்தனை டைல். அதில் ஓர வெட்டுக்கு எத்தனை, உடைவதற்கு எத்தனை
> 3. ஸ்கர்ட்டிங் வெட்டுத் துண்டுகளில் எடுப்பதா, தனி டைலா. விளிம்பு தேய்ப்புக் கூலி சேர்ந்ததா
> 4. வாங்க வேண்டிய மொத்தப் பெட்டி, பெட்டி விலை
> 5. பிற்காலத் தேவைக்கு ஒரு பெட்டி, தனி விலையாக
> 6. தரைக் கூலி, போட்டு முடித்த பரப்பின்மேல். ஸ்கர்ட்டிங் கூலி, ரன்னிங் மீட்டருக்கு
> 7. மட்டம் சரிசெய்வது, ஒட்டும் பொருள், ஜாயிண்ட் நிரப்புவது, ஏற்றி இறக்குவது. இவற்றில் சேர்ந்தவை எவை, சேராதவை எவை
>
> எல்லாப் பெட்டிகளும் ஒரே பேட்ச், ஒரே ஷேடாக இருக்க வேண்டும். பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் தெரிவியுங்கள். டைல் குறைந்தால் அதே பேட்ச்சில் வாங்கித் தரும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதுங்கள்.
>
> நேரில் வந்து அளவைச் சரிபார்க்க விரும்பினால் எனக்கு வசதியான நேரத்தைச் சொல்கிறேன். கொட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் குறிப்பிடவும்.
>
> இப்படிக்கு,

இணைக்கும் வரைபடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் அறையைக் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு சுவரின்மேலும் அளவை எழுதி, கதவுகள் எங்கே, எந்தப் பக்கம் திறக்கின்றன, வாசலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும் சுவர் எது என்று குறியுங்கள். மூலைவிட்டங்களைப் புள்ளிக் கோடாகப் போடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாலே போதும், ஆனால் எண்கள் படிக்கும்படி இருக்க வேண்டும்.

சில வரிகள் ஏன் இருக்கின்றன

ஆறாவது வரி பணத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது. டைலை வாங்குவது பெட்டிக் கணக்கில், அதில் வேஸ்டேஜ் சேர்ந்தே தீரும். கூலியோ தரையில் ஒட்டியதற்கு மட்டும். 15 பெட்டி என்பது 232 சதுர அடிக்கு மேல். ஹால் 176 சதுர அடி. 'சதுர அடிக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து' என்று ஒரே விலையாகப் பேசிவிட்டு, கடைசியில் வாங்கிய அளவை வைத்துக் கூலியும் போட்டால் ஒட்டாத 56 சதுர அடிக்கு நீங்கள் கூலி கொடுப்பீர்கள். அதே நேரம் வெட்டு வேலை அதிகமான அறைக்கு மேஸ்திரி கூலியைச் சற்று உயர்த்திக் கேட்பது நியாயம்தான். அதை விலையில் வெளிப்படையாகக் கேட்கட்டும், பரப்பில் ஒளிக்க வேண்டாம்.

பேட்ச் பற்றிய வரியும் அழகுக்காக மட்டும் எழுதுவது இல்லை. ஒரே பெயர், ஒரே எண் கொண்ட டைல்கூட வேறு பேட்ச்சில் நிறம் சற்று மாறும், சில சமயம் அளவும் ஒரு மி.மீ. அளவுக்கு மாறும். நிற வித்தியாசம் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, தரையில் போட்டு வெளிச்சம் விழும்போது தெரியும். அளவு வித்தியாசம் இன்னும் மோசம். 2 மி.மீ. ஜாயிண்டில் ஒரு மி.மீ. மாறினால் கோடு நேராக வராது, நான்கு டைல் சேரும் இடம் ஒதுங்கி நிற்கும். பெட்டி இறங்கும்போதே எல்லாப் பெட்டியிலும் அச்சிட்ட பேட்ச், ஷேட் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரித்த பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.

மட்ட வித்தியாசத்தை எழுதக் காரணம், ஒட்டும் முறையே அதைப் பொறுத்து மாறும் என்பதுதான். மெல்லியதாகப் பூசும் டைல் பசை 15 மி.மீ. பள்ளத்தை நிரப்புவதற்கானது இல்லை. முதலில் தரையை மட்டம் செய்ய வேண்டும், அல்லது சிமெண்ட் கலவைப் படுகையில் போட வேண்டும். எதுவானாலும் முடிந்த தரை உயரும். கதவின் அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதவைச் சீவும் செலவு பின்னால் வரும். மட்டத்தை அளக்க, ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலைகளிலும் ஒரே மட்டத்தைச் சுவரில் குறித்து, அங்கிருந்து தரை வரை அளந்தால் போதும்.

டைலை நீங்களே வாங்கப் போகிறீர்கள் என்றால் நான்காவது, ஐந்தாவது வரிகளில் விலையை மட்டும் எடுத்துவிடுங்கள். பெட்டி எண்ணிக்கையைக் கண்டிப்பாக எழுத்தில் வாங்குங்கள்.

பதில் வந்ததும்

முதலில் மொத்தத் தொகையைப் பார்க்காமல் பெட்டி எண்ணிக்கையைப் பாருங்கள். நம் ஹாலுக்கு 14 பெட்டி என்று ஒருவர் எழுதி, ஸ்கர்ட்டிங் வெட்டுத் துண்டில் எடுப்பதாகவும் சொல்லியிருந்தால் அவர் உண்மையிலேயே வரிசை போட்டுப் பார்த்திருக்கிறார். தரையையும் ஸ்கர்ட்டிங்கையும் கூட்டி 17.81 ச.மீ. என்று எடுத்து 10 சதவீதம் போட்டாலும் 55 டைல், அதே 14 பெட்டிதான் வரும். இந்த அறையில் பொதுக் கணக்கு பொருந்துகிறது. ஸ்கர்ட்டிங் பரப்பையும் சேர்த்ததால்தான் அப்படி, சேர்க்காமல் போட்டவர் 13-ல் நிற்பார்.

13 பெட்டி என்று எழுதியவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் தரைக்கு மட்டும் 10 சதவீதம் போட்டிருப்பார். இன்னொருவர் 3 செ.மீ. பட்டை வைத்து, தரைக்கு 48-ம் ஸ்கர்ட்டிங்குக்கு 3-ம் என்று 51 டைலில் முடிக்க நினைத்திருப்பார். எது என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: "4.85 மீட்டர் பக்கத்தில் ஓரத் துண்டு எவ்வளவு வரும்?" இதற்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் அவர் இன்னும் வரிசை போடவில்லை. வேலையைத் தொடங்கும் முன் தரையில் ஒரு வரிசையை ஒட்டாமல் வைத்துக் காட்டும்படி கேளுங்கள்.

17 பெட்டி வந்தால் கழிவு இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது. ஒன்பது டைல் வீதம் ஆறு வரிசைக்கு 54 என்று எண்ணியபோதே ஓர வெட்டு அதில் வந்துவிட்டது. அதன்மேல் மறுபடியும் 10 சதவீதம் போட்டால் 60. ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாக 5 டைல், அதற்கும் வேஸ்டேஜ் சேர்த்து 6. மொத்தம் 66, பெட்டிக் கணக்கில் 17. இப்படி எழுதுகிறவர் ஏமாற்றத்தான் நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைந்துவிடக் கூடாது என்ற பயத்திலும் இப்படிப் போடுவார்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தால் பெரிய நஷ்டமும் இல்லை. எழுதவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது வரிகளைக் காட்டி, எண்ணிக்கையைத் திருத்தி மறுபடியும் அனுப்பச் சொல்லுங்கள். திருத்திய கொட்டேஷனில் தேதியும், பழையது செல்லாது என்ற வரியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பில் போடும்போது எந்தத் தாளை வைத்துப் பேசுவது என்ற குழப்பம் வரும்.